டியூஷன் வகுப்பை யூடியூபில் நேரலையாக நடத்த: மைக், இணையம், கேமரா, ஓபிஎஸ் முழு அமைப்பு

நேரலை வகுப்பில் படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் மாணவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். குரல் விட்டு விட்டு வந்தால் ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்கள். அதனால் பணத்தையும் நேரத்தையும் முதலில் மைக்குக்கும், அடுத்து இணையத்துக்கும், கடைசியாகக் கேமராவுக்கும் செலவிட வேண்டும். நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விலை அதிகமான கேமராவை வாங்கிவிட்டு, லேப்டாப்பில் இருக்கும் மைக்கிலேயே ஆறடி தள்ளி நின்று பேசுகிறார்கள்.

பேச வசதியாக ஒரே ஒரு அறையை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புக் கணிதம் நடத்தும் டியூஷன் ஆசிரியை. 12-க்கு 10 அடி அறை, 6-க்கு 4 அடி வெள்ளைப் பலகை, தலைக்கு மேலே மின்விசிறி. மாலை 6:30 முதல் 7:30 வரை வகுப்பு. நாற்பது மாணவர்கள் வீட்டிலிருந்து பார்க்கிறார்கள், பெரும்பாலும் அப்பா அல்லது அம்மாவின் போனில், மொபைல் டேட்டாவில். ஆசிரியையிடம் ஒரு லேப்டாப், ஒரு ஆண்ட்ராய்டு போன், வீட்டில் ஃபைபர் இணைப்பு. புதிதாக வாங்க வேண்டியது காலர் மைக், லேன் கேபிள், போனை நிறுத்த ஒரு ஸ்டாண்ட். படத்தையும் குரலையும் சேர்த்து லேப்டாப்பிலிருந்து யூடியூபுக்கு அனுப்பும் மென்பொருள் ஓபிஎஸ் ஸ்டுடியோ, இது இலவசம்.

யூடியூப் ஏன் என்றால், ஜூமின் இலவசக் கணக்கில் குழு வகுப்பு 40 நிமிடத்தில் முடிந்துவிடும். யூடியூப் ஒவ்வொரு மாணவரின் இணைய வேகத்துக்கும் ஏற்ற தரத்தில் படத்தைக் கொடுக்கும், வகுப்பின் பதிவும் தானாகவே மிஞ்சும். ஆனால் மாணவர்கள் வாய்திறந்து பேச முடியாது, நீங்கள் சொல்வது அவர்களுக்குச் சில விநாடி தாமதமாகத்தான் போகும். பத்துப் பேர் மட்டும் இருந்து, ஒவ்வொருவரையும் கேள்வி கேட்டு நடத்தும் வகுப்பு என்றால் கூகுள் மீட்தான் சரி.

இன்றே செய்ய வேண்டியது

மற்ற எதையும் தொடுவதற்கு முன் studio.youtube.com-இல் நுழைந்து, Create, பிறகு Go live அழுத்துங்கள். போன் எண்ணைச் சரிபார்க்கச் சொல்லும். அதன் பிறகு நேரலை அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். நாளை மாலை வகுப்பு என்று அறிவித்துவிட்டு நாளை மதியம் இந்தப் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் செய்ய முடியாது.

யூடியூபின் போன் செயலியிலிருந்தே நேரடியாக ஒளிபரப்ப 50 சந்தாதாரர்களாவது வேண்டும். கம்ப்யூட்டரில் ஓபிஎஸ் வழியாகச் செய்தால் அந்த நிபந்தனை இல்லை. புது சேனலுக்கு இந்த வழிதான் பொருந்தும்.

மைக்

வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். மின்விசிறிச் சத்தமும் சுவரில் பட்டு வரும் எதிரொலியும் அப்படியே இருக்கும். ஆறடி தள்ளியிருக்கும் மைக்கைச் சட்டையில் குத்தினால் குரல் முன்னே வந்து, அறையின் சத்தம் பின்னால் போய்விடுவது இதனால்தான். எந்த மென்பொருளும் இந்த வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்யாது. மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்துவது பொருத்தமான இடம்.

கம்பி உள்ள காலர் மைக்கே போதும். பாயா பிஒய்-எம்1 போன்றவற்றில் 6 மீட்டர் கம்பி வரும், பலகை முன்னால் நடமாடுவதற்கு அது தாராளம். கம்பியை முதுகுப் பக்கமாக இறக்கி இடுப்பில் ஒரு முறை செருகிக்கொண்டால், கால் பட்டு இழுத்தாலும் மைக் கழன்று விழாது. புடவையில் குத்தும்போது தோள்பக்க ஓரத்தில் குத்துங்கள். நடுவில் குத்தினால் தாலிச் சங்கிலி ஒவ்வொரு அசைவிலும் உரசும். மாணவர் காதில் அது கதவைச் சுரண்டுவது போல விழும், பேசுபவருக்குத் தெரியவே தெரியாது.

பின்னைக் கவனியுங்கள். மூன்று கறுப்பு வளையம் இருந்தால் அது போனுக்கும், ஒற்றைத் துளை லேப்டாப்புக்கும் பொருந்தும். மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனித் துளை உள்ள டெஸ்க்டாப் என்றால் இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் தேவை. பின் பொருந்தாவிட்டாலும் லேப்டாப் எதுவும் சொல்லாது, தன் சொந்த மைக்கிலேயே கேட்டுக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஓபிஎஸ்ஸில் Audio Mixer பட்டையைப் பார்த்தபடி காலர் மைக்கின் தலையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பட்டை துள்ளினால் சரி. அங்கே துள்ளாமல் லேப்டாப் விசைப்பலகையைத் தட்டும்போது துள்ளினால், Settings, Audio, Mic/Auxiliary Audio என்ற இடத்தில் Default என்று விடாமல் சரியான மைக்கைப் பெயரோடு தேர்ந்தெடுங்கள். அங்கேயே Desktop Audio-வை Disabled ஆக்கிவிடுங்கள், வாட்ஸ்அப் மணியோசை வகுப்புக்குள் வராது.

அடுத்தது சத்தத்தின் அளவு. வகுப்பில் பேசும் அதே குரலில் பேசிப் பாருங்கள். பட்டை பச்சையைத் தாண்டி மஞ்சளுக்குள் வந்து போக வேண்டும், உச்சம் -12 அருகே இருந்தால் நல்லது. -9-க்கு மேல் சிவப்பு. 0-ஐத் தொட்டால் குரல் கரகரக்கும், அப்படிப் பதிவான கரகரப்பைப் பிறகு எடுக்க முடியாது. குரல் குறைவாக இருந்தால் முதலில் விண்டோஸின் மைக் அளவைக் கூட்டுங்கள், அது போதாதபோது மட்டும் ஓபிஎஸ்ஸின் Gain. மைக்கின் Filters பகுதியில் Noise Suppression சேர்த்து RNNoise-ஐத் தேர்ந்தெடுத்தால் மின்விசிறியின் இரைச்சல் பெருமளவு அடங்கும். அதற்குக் கீழே ஒரு Limiter சேர்த்துவிட்டால் திடீரென்று உரக்கப் பேசினாலும் உடையாது.

மின்விசிறிக் காற்று நேராக மைக்கில் அடித்தால் வரும் ‘புபுபு’ ஓசையை மட்டும் RNNoise முழுதாகத் தீர்க்காது. மைக்குடன் வரும் பஞ்சு உறையைக் கழற்றாமல் வைத்திருங்கள், மின்விசிறியை இரண்டாம் வேகத்துக்குக் குறையுங்கள்.

இணையம்

வகுப்பை அனுப்புவதற்கு அப்லோட் வேகம்தான் கணக்கு. வேகச் சோதனையில் பெரிதாகக் காட்டும் டவுன்லோட் எண்ணை மறந்துவிடலாம். சோதனையை வகுப்பு நடக்கும் நேரத்திலேயே செய்யுங்கள். தெருவே சீரியலும் கிரிக்கெட்டும் பார்க்கும் மாலை ஏழு மணிக்குக் கிடைக்கும் வேகம் காலை பத்து மணிக்குக் கிடைப்பதாக இருக்காது. நாம் அனுப்பப்போவது சுமார் 2.5 எம்பிபிஎஸ். அந்த நேரத்து அப்லோட் 5-க்குக் கீழே இறங்காமல் இருந்தால் போதும்.

ஆனால் வேகச் சோதனை சில விநாடிகளின் நிலவரத்தைத்தான் சொல்லும். ஒரு மணி நேரம் நிலையாக இருக்குமா என்பது அதில் தெரியாது. அதற்கு பிங் பாருங்கள். விண்டோஸில் Command Prompt திறந்து ipconfig என்று அடித்தால் Default Gateway என்ற வரியில் உங்கள் ரவுட்டரின் முகவரி இருக்கும். அது 192.168.1.1 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஜன்னல்களில் இவற்றைத் தனித்தனியாக ஓடவிடுங்கள்:

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

பதினைந்து நிமிடம் ஓடட்டும், Ctrl+C அழுத்தினால் நிற்கும். முதல் ஜன்னல் உங்கள் வீட்டுக்குள் உள்ள பாதை, இரண்டாவது வெளியே போகும் பாதை. இரண்டிலும் Request timed out வந்தாலோ, time= எண்கள் திடீரென்று எகிறினாலோ கோளாறு லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில்தான், பெரும்பாலும் வைஃபை. முதலாவது அமைதியாக இருந்து இரண்டாவது மட்டும் தடுமாறினால் கோளாறு இணைப்பு தருபவரின் பக்கம். இது தெரிந்த பிறகு புகார் கொடுத்தால், “ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்” என்பதோடு பேச்சு முடியாது.

வீட்டுக்குள் உள்ள கோளாறுக்கு மருந்து லேன் கேபிள். கேட்6 கேபிளை ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு இழுங்கள். லேப்டாப்பில் துளை இல்லாவிட்டால் யூஎஸ்பி லேன் அடாப்டர் கிடைக்கும். கேபிள் செருகியதும் லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள், எந்த வழியில் போகிறது என்ற சந்தேகமே வேண்டாம். கேபிள் இழுக்க வழியே இல்லை என்றால் ரவுட்டர் இருக்கும் அறையிலேயே வகுப்பை வைத்து, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணையுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபை எல்லாம் நெருக்கியடிக்கும் 2.4-ஐ விட அது நிதானமாக இருக்கும், ஆனால் ஒரு சுவர் தாண்டினாலே பலம் குறையும்.

கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரவுட்டர் அணைந்துவிடும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் ரவுட்டருக்கான சிறிய யூபிஎஸ் ஒன்று வாங்கி வைப்பது நல்லது. பெரும்பாலான ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடும். அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்து வாங்குங்கள். ஃபைபர் பெட்டியும் வைஃபை ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால் வைஃபை இருக்கும், இணையம் இருக்காது.

மாற்றுவழி போன் ஹாட்ஸ்பாட். கேமராவாக வைத்திருக்கும் போனை இதற்கும் பயன்படுத்த வேண்டாம், வீட்டில் இருக்கும் இன்னொரு போனைத் தயார் செய்யுங்கள். டேட்டா கணக்கையும் போட்டுப் பாருங்கள். 2.5 எம்பிபிஎஸ் படமும் 128 கேபிபிஎஸ் ஒலியும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு சுமார் 1.2 ஜிபி. நாளுக்கு 1.5 ஜிபி திட்டத்தில் ஒரு மணி நேர வகுப்பு தாங்கும். ஒன்றரை மணி நேரம் என்றால் 1.8 ஜிபி ஆகி, நடுவில் தீர்ந்துவிடும்.

கேமராவும் பலகையும்

வெப்கேம் தனியாக வாங்க வேண்டியதில்லை, போனின் பின்பக்கக் கேமராவே நன்றாக இருக்கும். DroidCam, Iriun போன்ற செயலிகள் போனைக் கம்ப்யூட்டரின் கேமராவாக மாற்றும். போனை யூஎஸ்பி கேபிளில் இணையுங்கள், படம் தடுமாறாது. இலவசப் பதிப்பில் தரம் எவ்வளவு, மேலே முத்திரை விழுகிறதா என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

இப்போது பலகை. வெறும் போன் டேட்டாவில் பார்க்கும் மாணவருக்குப் பெரும்பாலும் 360 தரம்தான் போகும், அதாவது மேலிருந்து கீழாக 360 புள்ளிகள். பலகையின் 6 அடி அகலம் முழுவதும் தெரியும்படி வைத்தால், 16:9 சட்டத்துக்குள் உயரம் சுமார் 40 அங்குலம்தான் வரும். 360 புள்ளிகளை 40 அங்குலத்தில் பங்கிட்டால் அங்குலத்துக்கு 9 புள்ளி. ஒரு அங்குல உயரத்தில் எழுதிய x²-இல் அந்த 2-க்குக் கிடைப்பது நான்கைந்து புள்ளிதான், மாணவருக்கு அது கறை போலத் தெரியும். ‘வர்க்கம்’ என்று எழுதினால் மெய்யெழுத்தின் மேல் வைத்த புள்ளி இருக்கும் இடமே தெரியாது. எழுத்தை இரண்டரை அங்குலமாக்கினால் 22 புள்ளி கிடைக்கும், அடுக்குக்குறியும் மெய்ப்புள்ளியும் தெளிவாக விழும். முனை அகலமான கறுப்பு அல்லது நீல மார்க்கரில் எழுதுங்கள். பச்சையும் சிவப்பும் சிறிய திரையில் வெளுத்துப் போகும், அடிக்கோடு போட மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பலகையின் உயரம் 48 அங்குலம், சட்டத்தில் அடங்குவது 40. அதனால் கீழே 8 அங்குலம் வெளியே போய்விடும். அந்த எல்லையில் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள், அதற்குக் கீழே எழுதும் பழக்கம் நின்றுவிடும்.

கேமராவை, டேப்புக்கு மேலே உள்ள பலகைப் பகுதியின் நடு உயரத்தில், ஆறேழு அடி தூரத்தில், நேராக நிறுத்துங்கள். டியூப்லைட் வெள்ளைப் பட்டையாகப் பலகையில் பளபளத்தால் அந்த இடத்தில் எழுதியது எதுவும் தெரியாது. அதற்கு விளக்கைப் பக்கவாட்டுக்கு மாற்ற வேண்டும், அது முடியாவிட்டால் கேமராவைச் சற்று உயர்த்தியோ தாழ்த்தியோ பளபளப்பை எழுதாத இடத்துக்குத் தள்ளலாம். பலகைக்கு அருகே ஜன்னல் இருந்தால் திரை போடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். நீங்கள் பலகை முன்னால் வரும்போதெல்லாம் படம் வெளுத்தும் கறுத்தும் மாறினால், கேமரா வெளிச்சத்தைத் தானாகச் சரிசெய்துகொண்டே இருக்கிறது என்று பொருள். செயலியில் ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டிவிடுங்கள். படத்தில் கிடைமட்டப் பட்டைகள் நகர்ந்தால் அது மின்சாரத்தின் வேலை. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு விநாடிக்கு 100 முறை மினுக்கும். கேமரா 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்கான அமைப்பில் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. அமைப்பில் 50 Hz அல்லது ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று மாற்றினால் பட்டை நின்றுவிடும்.

ஓபிஎஸ்ஸும் யூடியூபும்

ஓபிஎஸ்ஸில் Sources பகுதியில் Video Capture Device சேர்த்துப் போன் கேமராவைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் Settings-இல் இவை:

```
Video
  Base / Output:  1280x720
  FPS:            30
Output
  Rate Control:   CBR
  Video Bitrate:  2500 Kbps
  Keyframe:       2 s
  Audio Bitrate:  128
```

இதில் சில வரிகள் தெரியாவிட்டால் Output Mode-ஐ Advanced ஆக்குங்கள். அசையாத பலகைக்கு 720-இல் 2500 போதும். விநாடிக்கு அனுப்பும் தரவின் அளவான பிட்ரேட் குறைவு என்று யூடியூப் எச்சரிக்கை காட்டலாம், எழுத்து தெளிவாக இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

யூடியூப் ஸ்டுடியோவில் நேரலையை முன்கூட்டியே அட்டவணையிட்டுவிடுங்கள், இணைப்பைக் குழுவில் முந்தைய நாளே அனுப்பிவிடலாம். Visibility-யில் Unlisted வையுங்கள், இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்ப்பார்கள். ‘குழந்தைகளுக்கானது’ என்று குறித்தால் நேரலை அரட்டை தானாக மூடிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். தாமதத்துக்கு Low latency நல்ல நடுவழி, பெரும்பாலும் 10 விநாடிக்குள் இருக்கும். Ultra low வைத்தால் தாமதம் குறையும், ஆனால் பலவீனமான இணைப்பில் பார்க்கும் மாணவருக்குப் படம் அடிக்கடி நின்று வட்டம் சுழலும். DVR-ஐ இயக்கி வையுங்கள், தாமதமாக வந்தவர் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம்.

முக்கியமானது Auto-stop. இது இயங்கிக்கொண்டிருந்தால், உங்கள் இணையம் அறுந்ததும் வகுப்பு முடிந்துவிட்டது என்று யூடியூப் முடிவு செய்துவிடும். பிறகு நீங்கள் திரும்பி வந்தாலும் அந்த இணைப்பு பயன்படாது, நாற்பது பேருக்கும் புதிதாக அனுப்ப வேண்டும். இதை அணைத்து வைத்தால் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறி அதே இணைப்பில் தொடரலாம். ஓபிஎஸ்ஸில் Automatically Reconnect இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக Stream key-ஐ நகலெடுத்து ஓபிஎஸ்ஸின் Settings, Stream பகுதியில் ஒட்டுங்கள். அது கையில் கிடைத்த யாரும் உங்கள் சேனலில் ஒளிபரப்பலாம், அதனால் திரையைப் படமெடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ஒத்திகை

வகுப்புக்கு முந்தைய நாள், அதே 6:30 மணிக்கு, Private-இல் இருபது நிமிடம் ஒளிபரப்புங்கள். இன்னொரு போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில், 360 தரத்தில், இயர்போன் மாட்டிக்கொண்டு பாருங்கள். Private என்பதால் அந்தப் போனில் உங்கள் கணக்கிலேயே நுழைந்திருக்க வேண்டும். லேப்டாப் திரையில் தெரிவது நீங்கள் அனுப்புவது மட்டும்தான், மாணவருக்குப் போய்ச் சேர்வது இந்தப் போனில்தான் தெரியும்.

ஓபிஎஸ்ஸின் Docks பட்டியலில் Stats-ஐத் திறந்து வையுங்கள். படம் தடுமாறினால் காரணம் அங்கேயே எழுதியிருக்கும். Dropped Frames (Network) ஏறிக்கொண்டே போனால் இணையம் தாங்கவில்லை, பிட்ரேட்டை 2000 அல்லது 1500 ஆக்குங்கள். Skipped frames due to encoding lag ஏறினால் லேப்டாப் திணறுகிறது. பிட்ரேட்டைத் தொடாமல் பிரவுசரை மூடுங்கள், Encoder பட்டியலில் QuickSync அல்லது NVENC இருந்தால் அதற்கு மாறுங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு தேவையில்லாமல் தரத்தைக் குறைப்பவர்கள் அதிகம்.

குரலும் உதடும் பொருந்துகிறதா என்று பார்க்க, கேமரா முன்னால் ஒரு முறை கைதட்டி ஓபிஎஸ்ஸிலேயே பதிவு செய்யுங்கள். போன் கேமராவின் படம் சற்றுப் பிந்தி வருவதால், சத்தம் முதலில் கேட்டு அப்புறம் கைகள் சேரும். Advanced Audio Properties-இல் மைக்கின் Sync Offset-ஐ 100 மில்லிவிநாடியில் தொடங்கி, பொருந்தும்வரை 50 ஐம்பதாகக் கூட்டுங்கள்.

வகுப்பு நேரத்தில்

6:15-க்கு Start Streaming அழுத்துங்கள். ஸ்டுடியோவில் படம் வந்ததும், Auto-start அணைந்திருந்தால் அங்கே Go live-ஐயும் அழுத்த வேண்டும். “குரல் கேட்கிறதா, கடைசி வரி தெரிகிறதா” என்று கேட்டுவிட்டுப் பத்து விநாடியாவது காத்திருங்கள், பதில் அரட்டையில் வர அவ்வளவு நேரமாகும். பாடத்தின் நடுவில் கேள்வி கேட்கும்போதும் அப்படித்தான். மௌனமாக நிற்பது சங்கடமாக இருந்தால், அந்த இடைவெளியில் கேள்வியைப் பலகையில் எழுதுங்கள்.

இணைப்பு அறுந்தால் லேன் கேபிளைக் கழற்றி, லேப்டாப்பின் வைஃபையை இயக்கி ஹாட்ஸ்பாட்டில் சேருங்கள். ஓபிஎஸ் தானாக மீண்டும் முயலும், முயலாவிட்டால் Stop Streaming, Start Streaming. மொபைல் அப்லோட் குறைவாக இருந்தால், மீண்டும் தொடங்கும் முன் பிட்ரேட்டை 1500 ஆக்கிக்கொள்ளுங்கள். அறுந்த இடத்துக்கு முந்தைய கணக்கு வரியிலிருந்து தொடர்ந்தால் யாருக்கும் எதுவும் விட்டுப்போகாது.

Auto-stop அணைந்திருப்பதால், முடிக்கும்போது ஓபிஎஸ்ஸை நிறுத்தினால் மட்டும் போதாது. யூடியூப் ஸ்டுடியோவில் End stream-ஐயும் அழுத்த வேண்டும். 12 மணி நேரத்துக்கு உட்பட்ட ஒளிபரப்பின் பதிவு அதே இணைப்பில் தானாகவே சேமிக்கப்படும். அன்று கரண்ட் இல்லாமல் போன மாணவருக்குத் தனியாக எதுவும் அனுப்ப வேண்டியதில்லை.